179 அத்தியாயங்கள், ஒரே பழிவாங்கல்: பிரேசில் நொவேலா பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

நொவேலா எனப்படும் லத்தீன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் பலரும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். மெக்சிகோ, கொலம்பியா, வெனிசுவேலா, பிரேசில் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விளக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிரேசிலின் குளோபோ தொலைக்காட்சியில் 2012இல் வந்த ‘அவெனிடா பிரேசில்’. எழுதியவர் ஜுவாவ் எமனுவெல் கர்னெய்ரோ. இதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மற்ற நொவேலாக்களும் கைக்கு வந்துவிடும்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நொவேலாவில் ரகசியம் நமக்காக மறைத்து வைக்கப்படுவதில்லை. யார் கெட்டவர், என்ன செய்தார், எதை மறைக்கிறார் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே நம்மிடம் சொல்லிவிடுவார்கள். அது கதைக்குள் இருப்பவர்களுக்கு எப்போது தெரியவரும், யார் வாயால், யார் முன்னிலையில் தெரியவரும் என்பதுதான் மிச்சமிருக்கும் ஏழு மாதக் கதை. துப்பறியும் தொடர் பார்க்கும் கண்ணோடு உட்கார்ந்தால் பத்தாவது அத்தியாயத்தில் சலிப்பு வந்துவிடும். “இதுதான் எனக்கு அப்போதே தெரியுமே” என்று தோன்றும். தெரிந்திருப்பதுதான் இங்கே சுவை.

எத்தனை அத்தியாயம் என்று எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்

நம் ஊர்த் தொடர் எப்போது முடியும் என்று அதை எடுப்பவர்களுக்கே தெரியாது. பிரேசில் நொவேலா அப்படியில்லை, அதற்கு முடிவு உண்டு. அவெனிடா பிரேசில் 2012 மார்ச் 26, திங்கட்கிழமை தொடங்கி அக்டோபர் 19, வெள்ளிக்கிழமை முடிந்தது. வாரத்துக்கு ஆறு நாள், ஞாயிறு விடுமுறை. இருபத்தொன்பது முழு வாரங்களுக்கு 174 அத்தியாயங்கள், கடைசி வாரத்தில் ஐந்து. ஆக மொத்தம் 179. கடைசி அத்தியாயத்தை வெள்ளியன்று போட்டு, மறுநாள் சனிக்கிழமை அதையே மறுபடி ஒளிபரப்புவது அங்கே வழக்கம். அதனால்தான் கடைசி வாரத்துக்கு மட்டும் ஐந்து.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், அத்தியாய எண்ணைப் பார்த்தாலே அது எந்தக் கிழமையில் வந்தது என்று சொல்லிவிடலாம். ஆறால் மீதியின்றி வகுபட்டால் சனிக்கிழமை. மீதி மூன்று வந்தால் புதன். புதன் இரவில் பிரேசிலில் கால்பந்து உண்டு, அதனால் அன்றைய அத்தியாயம் பெரும்பாலும் சின்னது. சனிக்கிழமை ஊர் வெளியே போய்விடும், பார்ப்பவர்கள் குறைவு. அதனால் அன்று பெரிய வெடி எதையும் வைக்க மாட்டார்கள். அவசர வேலை இருக்கும் நாளில் எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடக் கூடாது என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

இன்னொன்று, வெளிநாட்டுக்கு விற்கும்போது நொவேலாக்களை வெட்டி ஒட்டி வேறு அளவுக்கு மாற்றுவார்கள். உங்கள் கைக்கு வரும் பதிப்பில் அத்தியாய எண்ணிக்கை 179 இல்லாவிட்டால் அது ஏற்றுமதிப் பதிப்பாக இருக்கலாம், மேலே சொன்ன கிழமைக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மூலப் பதிப்பில் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு முகத்தில் உறைந்து முடியும். கடைசிக் காட்சியில் யாராவது ஒருவருடைய முகம் அப்படியே நின்று, நிறம் வடிந்து சாம்பலாகும். பின்னால் கார் விளக்குகள் போல மங்கலான வெளிச்சப் பொட்டுகள் மிதக்கும். அதோடு ‘ஓய் ஓய் ஓய்’ என்று பாட்டு எழும். ஏதோ சாதாரணப் பேச்சின் நடுவில் திரை சட்டென்று அணைந்தால், வேறு யாரோ வெட்டிய பதிப்பு அது.

நான் முதலில் பார்த்தது அப்படி ஒரு பதிப்பைத்தான். பெயர் தெரியாத ஒரு தளத்தில் துண்டு துண்டாக இருந்தது. நாற்பது அத்தியாயம் வரை போய், கதை ஏன் இப்படித் தடுமாறுகிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து முழுப் பதிப்பைப் பார்த்தபோதுதான் தடுமாறியது கதை இல்லை என்று புரிந்தது. குளோபோவின் சொந்தத் தளமான குளோபோப்ளேயில் உங்கள் நாட்டில் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தமிழில் வசன எழுத்து வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலம் அல்லது ஸ்பானிஷ் எழுத்தோடு பார்க்கத் தயாராக இருங்கள்.

முதல் அத்தியாயத்தைக் கையில் நோட்டோடு பாருங்கள்

கதை 1999இல் தொடங்குகிறது. ஜெனேசியோ என்பவர் மனைவியை இழந்தவர், ரீட்டா என்ற சிறுமியின் அப்பா. கார்மின்யாவை இரண்டாம் தாரமாகக் கட்டியிருக்கிறார். கார்மின்யாவுக்கு மாக்ஸ் என்று ஒரு காதலன். இருவரும் சேர்ந்து ஜெனேசியோவின் பணத்தைச் சுருட்டத் திட்டம் போடுகிறார்கள். சிறுமி ரீட்டா அதைக் கேட்டுவிடுகிறாள். அன்றிரவு ரியோ நகரின் அவெனிடா பிரேசில் என்ற நெடுஞ்சாலையில் ஜெனேசியோ கார் மோதிச் சாகிறார். காரை ஓட்டி வந்தவன் துஃபாவ், அப்போதுதான் ஃபிளமெங்கோ அணிக்குக் கோப்பை வென்று கொடுத்த கால்பந்து நட்சத்திரம். சாகும் மனிதர் கார்மின்யாவின் பெயரைச் சொல்ல, அவளைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று துஃபாவ் நினைத்துக்கொள்கிறான். குற்ற உணர்ச்சியோடு அவளைத் தேடிப் போகிறான். கார்மின்யாவோ ரீட்டாவைக் கொண்டுபோய் லிஷாவில் தள்ளிவிடச் செய்கிறாள். லிஷாவ் என்றால் நகரத்துக் குப்பை மலை.

(ஜெனேசியோவாக வருபவர் டோனி ராமோஸ். அதற்கு மூன்று வருடம் முன்பு, 2009இல், இந்தியாவில் நடப்பதாக எடுத்த ‘காமின்யோ தாஸ் இந்தியாஸ்’ நொவேலாவில் ஒரு இந்தியக் குடும்பத் தலைவராக நடித்தவர் இவர்தான். அந்தத் தொடருக்கு சர்வதேச எம்மி விருது கிடைத்தது. நமக்கு அது வேறு விதமான அனுபவம், பிறகு பாருங்கள்.)

இப்போது நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாக மடியுங்கள். முதல் பகுதியில் ரகசியம், இரண்டாவதில் அது யாருக்குத் தெரியும், மூன்றாவதில் யாருக்குத் தெரியக் கூடாது. கதை பன்னிரண்டு வருடம் தாண்டி, ரீட்டா வளர்ந்து நினா என்ற பெயரில் திரும்பி வந்து, துஃபாவ் வீட்டில் சமையற்காரியாகச் சேர்ந்த பிறகு என் நோட்டில் இருந்தது இது.

ஒன்று: கார்மின்யா முதல் கணவரை ஏமாற்றி, அவர் மகளைக் குப்பையில் தள்ளியவள். மாக்ஸுக்குத் தெரியும், நினாவுக்குத் தெரியும். இப்போது கணவனாக இருக்கும் துஃபாவுக்குத் தெரியாது. இரண்டு: மாக்ஸும் கார்மின்யாவும் இன்னும் காதலர்கள். இந்த மாக்ஸ் அதே வீட்டில்தான் இருக்கிறான், துஃபாவின் தங்கை இவானாவைக் கட்டிக்கொண்டு. ஒரே மேசையில் சாப்பிடும் குடும்பத்தில் வேறு யாருக்கும் சந்தேகமில்லை. மூன்று: சமையற்காரி நினாதான் ரீட்டா. குப்பை மேட்டில் அவளை வளர்த்த லுசிந்தாவுக்குத் தெரியும். கார்மின்யாவுக்குத் தெரியவே கூடாது. நான்கு: துஃபாவின் கார்தான் ஜெனேசியோவை மோதியது.

இந்த நான்கு வரியும் கையில் இருந்தால், சாப்பாட்டு மேசைக் காட்சி ஒன்று கூட வெறுமையாகத் தெரியாது. கார்மின்யா புதுச் சமையற்காரியின் கைப்பக்குவத்தைப் பாராட்டுகிறாள் என்று வையுங்கள். கேமரா பாராட்டுபவளைக் காட்டிவிட்டுத் தட்டோடு நிற்பவளிடம் போய் நிற்கும். நினாவாக நடிக்கும் டெபோரா ஃபலபெல்லா சிரித்தபடியே இருப்பார். கண் மட்டும் சிரிக்காது. கதை தெரியாதவருக்கு அது ஒரு நன்றிப் புன்னகை. தெரிந்தவருக்கு அந்த முகத்தில் குப்பை மலை தெரியும். முகத்தை இவ்வளவு நேரம் காட்டுகிறார்களே என்று புதியவர்கள் அலுத்துக்கொள்வது இங்கேதான். ஒவ்வொரு நீண்ட முகக் காட்சியிலும் நோட்டின் எந்த வரி பேசுகிறது என்று பாருங்கள், அலுப்பு போய்விடும்.

கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பது, தொலைபேசியில் சத்தமாகப் பேசி மாட்டிக்கொள்வது, தனியாக இருக்கும்போது மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்வது எல்லாம் அடிக்கடி வரும். இவை கதாசிரியரின் சோம்பல் இல்லை. ஒரு ரகசியம் ஒரு வரியிலிருந்து அடுத்த ஆளுக்குக் கைமாறும் வழிகள் இவை. ஒட்டுக்கேட்டவர் பெயரை உடனே இரண்டாவது பகுதியில் சேர்த்துவிடுங்கள்.

பெயரும் மரியாதையும்

நினா வந்த புதிதில் எசமானியை ‘டோனா கார்மின்யா’ என்றுதான் கூப்பிடுவாள். டோனா என்பது பெண்ணின் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல். வீட்டில் வேலை செய்பவர் எசமானியை அப்படித்தான் அழைக்க வேண்டும், நம் வழக்கில் பெயரோடு ‘அம்மா’ சேர்ப்பது போல. வசன எழுத்தில் இந்த டோனா பல சமயம் காணாமல் போய்விடும். அதனால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். யார் யாரை டோனா என்கிறார்கள், யார் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில் அந்த வீட்டின் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று தெரியும். ஒரு கட்டத்தில் அது தலைகீழாகும். அந்தக் காட்சியை எழுத்தை மட்டும் படித்துக் கடந்தவர்கள் பாதியைத் தவறவிட்டவர்கள்.

‘-ஈன்யோ’, ‘-ஈன்யா’ என்று முடியும் பெயர்கள் செல்லப் பெயர்கள். கார்மின்யா என்பது கார்மெனைச் செல்லமாக்கியது. துஃபாவ் என்பது சூறாவளி, ஆடுகளத்தில் கிடைத்த பட்டப்பெயர், அவன் நிஜப் பெயர் ஜோர்ஜ். குப்பை மேட்டில் ரீட்டாவின் தோழனாக இருந்த சிறுவனை ‘பதாத்தா’ என்பார்கள், உருளைக்கிழங்கு என்று பொருள். அவனைத் துஃபாவும் கார்மின்யாவும் தத்தெடுத்து ஜோர்ஜின்யோ ஆக்குகிறார்கள், குட்டி ஜோர்ஜ். ஆக ரீட்டாவும் பதாத்தாவும் இரண்டு பேருமே வேறு பெயரோடு ஒரே வீட்டில் மறுபடி சந்திக்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு பெயராக எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் முதல் இருபது அத்தியாயம் குழப்பும்.

இடமும் இப்படித்தான். ரியோவில் ‘சுபுர்பியோ’ என்றால் பசுமையான பணக்காரப் புறநகர் இல்லை, உழைக்கும் மக்கள் வாழும் உள்பகுதி. பணக்காரர்கள் இருப்பது கடற்கரை ஓரமான தெற்குப் பகுதியில். துஃபாவ் கோடீஸ்வரனான பின்னும் டிவினோ என்ற கற்பனையான சுபுர்பியோவிலேயே மாளிகை கட்டிக்கொண்டு இருக்கிறான். பிரேசில்காரர்களுக்கு அது அவன் யார் என்று சொல்லிவிடும். நமக்கு யாராவது சொன்னால்தான் புரியும். குப்பை மலையும் கற்பனையில் முளைத்ததில்லை. ரியோவின் குப்பை சேர்ந்த ஜார்டிம் கிராமாஷோ என்ற மாபெரும் மேடு, இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2012 ஜூனில்தான் மூடப்பட்டது.

கிளைக் கதைகளை என்ன செய்வது

நொவேலா ஒரே கதையால் ஆனதில்லை. ‘நூக்ளியோ’ என்று சொல்லும் நான்கைந்து வட்டங்கள் உண்டு. இங்கே துஃபாவ் மாளிகை ஒன்று, குப்பை மேடு ஒன்று, துஃபாவின் பழைய காதலி மொனலிசாவின் அழகு நிலையம் ஒன்று, உள்ளூர்க் கால்பந்து அணி ஒன்று. அப்புறம் கடின்யோ என்ற பணக்காரனும், ஒருவருக்கொருவர் தெரியாமல் அவன் வைத்திருக்கும் மூன்று குடும்பங்களும். இந்தக் கடைசி வட்டம் முழுக்க நகைச்சுவை. நினாவின் பழிக்கும் இதற்கும் நீண்ட நாள் ஒரு தொடர்பும் இருக்காது.

ஓட்டிவிடலாமா என்றால், முதல் மாதம் வேண்டாம் என்பேன். மாளிகைக் காட்சிகள் மூச்சை அடைக்கும். இடையில் வரும் இந்தச் சிரிப்பு இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. எழுதியவர் அதை அளந்துதான் வைத்திருக்கிறார். ஒரு மாதம் ஆகியும் பிடிக்கவில்லை என்றால் வேகமாக ஓட்டிப் பாருங்கள், ஆனால் முழுக்க வெட்டாதீர்கள். கடின்யோ பணமெல்லாம் இழந்து டிவினோவுக்கே குடிவரும் கட்டம் ஒன்று பின்னால் வருகிறது. அதுவரை வெட்டியவர்களுக்குப் பாதித் தெருவும் அந்நியர்களாகிவிடும்.

கொக்கியும் தொப்பையும்

அத்தியாயம் உறைந்து முடிகிறதே, அந்தக் கணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கான்ஷோ’. கொக்கி என்று பொருள். மறுநாள் அத்தியாயம் அதே காட்சியிலிருந்துதான் தொடங்கும். பல கொக்கிகள் மறுநாள் இரண்டே நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போகும். கதவைத் திறந்தது வேறு யாரோவாக இருக்கும், கேட்டவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அதற்காக ஏமாந்துபோக வேண்டாம். நல்ல நொவேலாவில் நான்கு கொக்கிக்கு ஒன்று நிஜமாகவே இறுகும். நோட்டில் ஒரு வரியில் யார் பெயராவது புதிதாகச் சேர்ந்தால் அது நிஜக் கொக்கி, சேராவிட்டால் போலி.

இதே அளவுகோலை வைத்துத்தான் தொய்வையும் கண்டுபிடிக்க வேண்டும். கதை நகராமல் ஒரே இடத்தில் சுற்றும் காலத்தை பிரேசிலில் ‘பஹிகா’ என்பார்கள், தொப்பை. ஏழு மாதம் ஓடும் எதற்கும் தொப்பை விழாமல் இருக்காது. பன்னிரண்டு அத்தியாயம், அதாவது இரண்டு வாரம், நோட்டில் ஒரு பெயரும் இடம் மாறவில்லை என்றால் நீங்கள் தொப்பையில் இருக்கிறீர்கள். பலர் தொடரைக் கைவிடுவது இங்கேதான்.

கைவிட வேண்டாம், தாண்டுங்கள். வரப்போகும் அத்தியாயங்களில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சுருக்கம் வெளியிடுவது பிரேசில் பத்திரிகைகளின் பழைய வழக்கம். அதற்கு ‘ஹெசூமோ’ என்று பெயர். அங்கே யாரும் அதைக் கதையைக் கெடுப்பதாக நினைப்பதில்லை. என்ன நடக்கும் என்று படித்துவிட்டு, எப்படி நடக்கிறது என்று பார்க்க இரவு ஒன்பது மணிக்கு உட்காருவார்கள். நீங்களும் தேடும்போது இப்படித் தட்டுங்கள்:

`resumo Avenida Brasil capítulo 57`

எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ஒரு பத்தியில் அந்த அத்தியாயம் கிடைத்துவிடும். ஐந்தாறு அத்தியாயத்தைச் சுருக்கத்தில் தாண்டி, ஒரு பெயர் இடம் மாறும் இடத்தில் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். ஒரே எச்சரிக்கை, 95இலிருந்து 105 வரை எதையும் தாண்டாதீர்கள், அந்த எண்களுக்கான சுருக்கத்தையும் படிக்காதீர்கள். 100ஆம் அத்தியாயம் 2012 ஜூலை 19 அன்று வந்தது. அதையொட்டி பிரேசிலில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் சமூக வலைத்தளப் படத்தை, தொடரின் உறைந்த முகம் போலவே சாம்பல் நிறத்தில், வெளிச்சப் பொட்டுகளோடு மாற்றிக்கொண்டார்கள். காரணம் பார்த்தால் தெரியும்.

அந்த நூறைத் தாண்டிய பிறகு நோட்டில் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருக்கும். அதுவரை நினா பக்கம் நியாயம், கார்மின்யா பக்கம் அநியாயம் என்று சுலபமாகப் பிரித்துவிடலாம். அப்புறம் அது கலங்கத் தொடங்கும். பழிவாங்க வந்தவள் செய்யும் காரியங்களைப் பார்த்து நானே நாற்காலியில் நெளிந்திருக்கிறேன். கார்மின்யாவாக நடித்த அட்ரியானா எஸ்தேவெஸ் அழும்போது, அது நடிப்பா நிஜமா என்று கதைக்குள் இருப்பவர்களைப் போலவே நமக்கும் சந்தேகம் வரும். மிகை நடிப்பு என்று முதல் வாரத்தில் தோன்றிய அதே கத்தலும் கண்ணீரும் அப்போது வேறு பொருள் கொள்ளும். கார்மின்யா நாள் முழுக்கக் குடும்பத்துக்காக நல்லவளாக நடிக்கிறவள். அவள் உரக்க அழுவதெல்லாம் வீட்டார் முன்னிலையில். தனியறையில் மாக்ஸோடு இருக்கும்போது குரலே வேறு. இரண்டு குரலையும் பிரித்துக் கேட்கப் பழகினால் அந்த நடிப்பின் அளவு தெரியும்.

கடைசி வாரங்கள்

முடிவு நெருங்கும்போது ஒரு கொலை நடக்கும், யார் செய்தது என்று ஊரே கேட்கும். இது பிரேசில் நொவேலாவின் பழைய சம்பிரதாயம். 1988இல் ‘வாலே துடோ’ என்ற தொடரில் ஓடெத்தே ஹொய்ட்மன் என்ற பணக்காரியைச் சுட்டது யார் என்று நாடே பேசியது. 1989 ஜனவரி 6 அன்று வந்த கடைசி அத்தியாயத்தில்தான் விடை கிடைத்தது. அவெனிடா பிரேசிலும் அந்த வழியில் வருகிறது. ஏழு மாதமாக எல்லாவற்றையும் நம்மிடம் முன்கூட்டியே சொன்ன தொடர், முதல்முறையாக ஒன்றை நம்மிடமிருந்தும் மறைக்கும் இடம் அது. இந்தக் கட்டத்தில் மட்டும் சுருக்கங்கள், செய்திகள், கருத்துகள் எதையும் திறக்காதீர்கள். தொடரின் பெயரைத் தேடினாலே விடை முதல் வரியில் நிற்கும்.

கடைசி ஐந்து அத்தியாயங்களை ஒரே இரவில் பார்க்க ஆசை வரும். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்றாகப் பாருங்கள். அவை அப்படி இடைவெளி விட்டுப் பார்க்க எழுதப்பட்டவை. கொக்கி இறங்க ஓர் இரவு வேண்டும். 2012 அக்டோபர் 19 அன்று இரவு பிரேசில் மின் தொகுப்பை நடத்துபவர்கள், அத்தியாயம் முடிந்ததும் நாடு முழுக்க ஒரே நேரத்தில் எழுந்து விளக்கைப் போட்டுக் குளிர்பெட்டியைத் திறக்கும் என்று எதிர்பார்த்து முன்னேற்பாடு செய்துவைத்திருந்தார்கள். அந்த வெள்ளியன்று நீங்களும் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை அதே அத்தியாயத்தை இன்னொரு முறை போடுங்கள், இந்தத் தடவை வசன எழுத்தை அணைத்துவிட்டு.